ரிப்பனை இழுத்தால் படம் நிற்கும்

என் மகள் படம் பார்க்கிறாள். இன்னும் நாலு வயது முடியவில்லை. இதைச் சொல்லும்போது நான் குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும் என்று சுற்றியிருப்பவர்கள் எதிர்பார்க்கிறார்கள். நான் தாழ்த்துவதில்லை. எவ்வளவு நேரம், யாரோடு, எப்படி என்று கேளுங்கள், பதில் சொல்கிறேன். கேட்காமலே உச்சுக்கொட்டுகிறவர்களுக்கு என்னிடம் பதில் கிடையாது.

முதலில் என் பக்கத் தப்பைச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் வேறு யாராவது சொல்லுவார்கள்.

ஓசூரில் நான் ஒரு தொழிற்சாலையில் வயரிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். காலை ஆறு முதல் மதியம் இரண்டு வரை. கணவர் வேறொரு கம்பெனியில், மதியம் இரண்டு முதல் இரவு பத்து வரை. பிள்ளைக்கு எப்போதும் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும் என்றுதான் ஆளுக்கொரு ஷிஃப்ட் வாங்கினோம். இருந்தோம். ஆனால் அவர் காலையில் பாதித் தூக்கத்தில் இருந்தார், நான் மதியம் அடுப்படியில் இருந்தேன். நடுவில் அவர் கிளம்பி நான் வந்து சேரும் ஒன்றரை மணி நேரம் அவள் எதிர்வீட்டுக் கன்னடக்கார அக்காவிடம் இருந்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் அவளை உண்மையில் வளர்த்தது போன்தான். ஒன்றரை வயதில் கையில் கொடுத்தோம். ஒரு படம் முடிந்தால் அடுத்தது தானாக ஓடும். சோறும் ஊட்டிவிடலாம், அவள் வாயைத் திறப்பதுகூடத் தெரியாமல் திறப்பாள். எவ்வளவு சமத்து என்று நானே பெருமைப்பட்டிருக்கிறேன்.

மூன்று வயது தாண்டியும் அவளிடம் இருபது சொல்கூட இல்லை. அதில் நாலைந்து கன்னடம். வேண்டாம் என்பதற்கு அவள் சொன்னதே 'பேடா'தான்.

கிருஷ்ணகிரியில் இருக்கும் என் நாத்தனார் இதை ஒரு கல்யாண வீட்டில், பந்தியில், எல்லோர் முன்னாலும் வைத்துக் கேட்டார். அவர் என் கணவருக்கு அக்கா, அவரை வளர்த்தவர் என்றும் சொல்லலாம்.

"ஏம்மா, புள்ள இன்னும் பேசவே இல்ல? ரெண்டு பேரும் கம்பெனி கம்பெனின்னு ஓடுனா போன்தான் அம்மா, போன்தான் அப்பா. இதுல கன்னடம் வேற. புள்ளைய எங்கிட்ட வுட்டுடுங்க. ஒரு வருசம். பேச வெச்சி அனுப்பறேன்."

"பார்க்கலாம் அண்ணி" என்றேன். அந்தச் சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது. அவர் அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டார். ஆடி முடிந்ததும் வந்து கூட்டிப்போவதாக அங்கேயே முடிவு செய்தார். கணவர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா பேசும்போது அவர் எப்போதும் இலையைத்தான் பார்ப்பார். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் நான் அழுதேன். அவமானத்தில் பாதி, நாத்தனார் சொன்னதில் உண்மை இருந்ததால் மீதி.

மறுவாரமே குழந்தை டாக்டரிடம் போனோம். அவர் எங்களைத் திட்டவில்லை. முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதிக்க அனுப்பினார். காது நன்றாகவே இருந்தது. பிறகுதான் கேள்விகள். தூக்கம், சாப்பாடு, யாரோடு விளையாடுகிறாள், போன் எத்தனை மணி நேரம். நான் இரண்டு மணி என்றேன். கணவர் என்னைப் பார்த்தார். "அஞ்சு மணி நேரம் சார்" என்றார். அன்றைக்கு அவர் இலையைப் பார்க்கவில்லை.

"கன்னடம், தமிழ் ரெண்டும் காதுல விழறதால பேச்சு தாமதமாகாது. அதை விட்டுடுங்க" என்றார் டாக்டர். "ரெண்டு வயசு வரைக்கும் திரையே வேண்டாம். அது முடிஞ்சு போச்சு. இப்ப அஞ்சு வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு மொத்தமா ஒரு மணி நேரத்துக்குள்ள இருக்கணும். குறைஞ்சா ரொம்ப நல்லது. சாப்பிடும்போது வேண்டாம். தூங்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே நிறுத்திடுங்க. யாரும் பார்க்காம ஓடிட்டிருக்கிற டிவியும் கணக்குதான். முக்கியமா, தனியா பார்க்க விடாதீங்க. பக்கத்துல உக்காந்து பேசுங்க."

வாரம் ஒருமுறை பேச்சுப் பயிற்சிக்கும் எழுதிக் கொடுத்தார். வெளியே வந்ததும் கணவர் சொன்னார், "எங்கக்கா வூட்ல டிவி காலைல போட்டா ராத்திரிதான் அணையும்." எனக்கு அப்போதுதான் முதுகு நிமிர்ந்தது. என் பிள்ளையை ஐந்து மணி நேரத் திரையிலிருந்து பன்னிரண்டு மணி நேரத் திரைக்கு அனுப்பப் பார்த்திருக்கிறோம்.

அனுப்பமாட்டேன் என்று அங்கேயே, மருந்துக்கடை வாசலில் நின்று சொன்னேன். "ஆடி முடியட்டும். உங்க அக்கா வரட்டும். நானே பேசிக்கிறேன்."

போனை அவள் கண்ணில் படாமல் வைத்தோம். முதல் நாலு நாள் வீடு வீடாக இல்லை. தரையில் புரண்டாள், தட்டைத் தள்ளினாள், என் கையைக் கடித்தாள். ஐந்தாம் நாள் எதிர்வீட்டு அக்காவின் பூனைக்குப் பின்னால் போய்விட்டாள். சோறு சிந்திச் சிந்திச் சாப்பிட்டாள், ஆனால் சோற்றைப் பார்த்துச் சாப்பிட்டாள்.

படத்தை ஒரேயடியாக நிறுத்திவிடு என்று தொழிற்சாலையில் என் லைனில் வேலை பார்க்கும் ஒரு பெண் சொன்னாள். அவள் வீட்டில் மாமியார், கொழுந்தன், இரண்டு பெரிய பிள்ளைகள் என்று பிள்ளையோடு பேச அவளும் புருஷனும் போக இன்னும் நாலு வாய் இருக்கிறது. எங்களுக்கு இரண்டே வாய், அதுவும் ஒன்று விட்டு ஒன்று. என்ன பேசுவது என்றே எங்களுக்குத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. சாப்பிட்டாயா, தூங்கு, அதைத் தொடாதே. இதற்கு மேல் ஒரு மூன்று வயதுப் பிள்ளையோடு பேச எங்களிடம் விஷயமில்லை. படம் விஷயம் தரும் என்று நினைத்தேன். எனக்குப் படம் பிடிக்கும் என்பதும் ஒரு காரணம். அதை ஏன் மறைக்க வேண்டும்?

ஒரு கார்ட்டூன் படத்தைத் தேர்ந்தெடுத்தேன். அடிதடி இல்லை, பறக்கும் வேகம் இல்லை. காட்டில் தனியாக இருக்கும் ஒரு கரடி, வழி தவறி வந்த ஒரு வாத்து, அவ்வளவுதான் கதை. ஒன்றரை மணி நேரப் படத்தை இருபது இருபது நிமிடத் துண்டாக்கினோம். காலையில் அப்பாவோடு ஒரு துண்டு, மாலை ஐந்து மணிக்கு என்னோடு அதே துண்டு. போனில் இல்லை, டிவியில். அடுத்த படம் தானாக ஓடும் ஏற்பாட்டை நிறுத்தினேன்.

அதற்கப்புறம் நான் செய்தது ஒரு தொழிற்சாலைக்காரியால்தான் செய்ய முடியும். ஒரு நோட்டில் கோடு போட்டுச் சரிபார்ப்புப் பட்டியல் தயாரித்தேன். கரடி என்ன நிறம்? வாத்துக்கு எத்தனை கால்? இது என்ன மரம்? பதில் சொன்னால் டிக், சொல்லாவிட்டால் பெருக்கல் குறி. லைனில் ஒரு வண்டிக்கு நாற்பது இடத்தில் கிளிப் சரியாக மாட்டியிருக்கிறதா என்று டிக் போடுகிற கை, பிள்ளைக்கும் போட்டது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை படத்தை நிறுத்திக் கேட்டேன்.

முதல் நாள் இரண்டு டிக். மறுநாள் ஒன்று. மூன்றாம் நாள் நான் நோட்டை எடுத்ததுமே, "பேடா" என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்து டிவியின் மேல் போட்டு மூடிவிட்டாள். நாலாம் நாள் என் பேனாவைக் காணோம். அது ஒரு வாரம் கழித்து அரிசி டப்பாவுக்குள் இருந்து வந்தது. பேச வைக்கப்போய் இருந்த பேச்சையும் அடைத்துவிட்டேன். ஆடி முடிய இரண்டு மாதம்தான் இருந்தது.

விடை தொழிற்சாலையில்தான் கிடைத்தது. எங்கள் லைனில் தலைக்கு மேலே ஒரு கயிறு ஓடும். வேலையில் ஏதாவது பிசகு கண்ணில் பட்டால் யார் வேண்டுமானாலும் அதை இழுக்கலாம். மஞ்சள் விளக்கு எரியும், பாட்டு ஒலிக்கும், டீம் லீடர் வருவார், தீராவிட்டால் லைனே நிற்கும். நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண்ணுக்கும் அந்த உரிமை உண்டு. அன்று ஒரு வயர் திரும்பிக் கிடந்ததைப் பார்த்து நான் இழுத்தேன். டீம் லீடர் ஓடி வந்தார். ஏன் நிறுத்தினாய் என்று கேட்கவில்லை. எப்போதும் கேட்பதைத்தான் கேட்டார்.

"என்னம்மா பாத்த?"

ஏழு வருடமாக அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அன்றுதான் அது காதில் விழுந்தது. அவருக்கு விடை தெரியாது, அதனால் கேட்கிறார். வாத்துக்கு எத்தனை கால் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கேட்டேன். பிள்ளைக்கு அது புரியாதா என்ன?

அந்த ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பேரும் வீட்டில் இருந்தபோது, என் பழைய சிவப்பு ரிப்பன் ஒன்றை டிவிக்குப் பக்கத்து ஜன்னல் கம்பியில், அவள் கைக்கு எட்டுகிற உயரத்தில், ஒரு சாண் தொங்கும்படி கட்டினேன். நான் இழுத்துக் காட்டினேன், கணவர் ரிமோட்டை அமுக்கினார். படம் நின்றது. இப்போது அவள் இழுத்தாள், நின்றது. மறுபடி இழுத்தாள், ஓடியது. அன்று கரடியையும் பார்க்கவில்லை, வாத்தையும் பார்க்கவில்லை. இருபது நிமிடமும் நிறுத்தி ஓட்டி நிறுத்தி ஓட்டி, சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது. போனில் ஐந்து மணி நேரம் பார்த்த காலத்தில் அவள் ஒருமுறைகூட அப்படிச் சிரித்ததில்லை.

சட்டம் இதுதான். யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். இழுத்தால் ரிமோட் வைத்திருப்பவர் நிறுத்தியே ஆக வேண்டும். இழுத்தவரைக் கோபிக்கக் கூடாது. "என்ன பாத்த?" என்று மட்டும் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் மனதுக்குள் பத்து எண்ணி, நாம் பார்த்ததை ஒரு வரி சொல்லிவிட்டுத் தொடர வேண்டும். "எனக்குக் கரடி பசியா இருக்கற மாதிரி தெரியுது." அவ்வளவுதான்.

மூன்றாம் நாள், முக்கியமான எதுவும் நடக்காத ஓர் இடத்தில் இழுத்தாள். வாத்து நனைந்துகொண்டு போகிறது, மரத்தடியில் ஒரு குடை கிடக்கிறது. நான் அந்தக் குடையைப் பார்த்ததே இல்லை.

"என்ன பாத்த?"

மனதுக்குள் எட்டு எண்ணியிருப்பேன், "கொட" என்றாள். பிறகு, "எடுக்கல" என்றாள்.

இரண்டு சொல். நான் எழுந்து அடுப்படிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். பட்டியல் போட்ட நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தோம். ஷிஃப்ட் மாறும்போது அடுத்தவருக்கு எழுதி வைக்கும் குறிப்பு மாதிரி. காலையில் அவர் எழுதுவார்: 'கொடைக்கிட்ட நிறுத்தினாள். ஏன் எடுக்கலன்னு கேட்டேன். கை இல்ல என்றாள்.' மதியம் அதைப் படித்துவிட்டு நான் குளிக்க வைக்கும்போது ஆரம்பிப்பேன்: "வாத்துக்குக் கை இல்லியா? அப்ப எதால எடுக்கும்?" வாயைக் குவித்துக் காட்டுவாள். மழை வந்த அன்று எதிர்வீட்டு அக்காவின் குடையைப் பிடித்திழுத்துக்கொண்டு வந்து, "வாத்து கொட" என்றாள். அக்கா கன்னடத்தில் என்னவோ கேட்க, இவளும் கன்னடத்தில் என்னவோ சொல்ல, இரண்டு பேரும் என்னை வெளியே நிறுத்திவிட்டுப் பேசினார்கள். இருபது நிமிடப் படம், மீதி நாளெல்லாம் பேச்சு.

படம்தான் அவளைப் பேச வைத்தது என்று சொல்லமாட்டேன். பேச்சுப் பயிற்சி இருந்தது, பூனை இருந்தது, கன்னடக்கார அக்கா இருந்தார். பேச எங்களுக்கு ஒரு வழி கிடைத்தது, அவ்வளவுதான். தினமும் சரியாக நடந்தது என்றும் சொல்லமாட்டேன். காய்ச்சல் வந்த வாரம் ஒரு நாள் நாற்பது நிமிடம் தனியாக ஓடவிட்டுப் படுத்துக் கிடந்தேன். அதற்காக நான் தூக்கில் தொங்கவில்லை. மறுநாள் மறுபடி ரிப்பன்.

ஆடி முடிந்து முதல் ஞாயிற்றுக்கிழமை, சொன்னபடியே நாத்தனார் வந்தார். கையில் காலிப் பை ஒன்று, பிள்ளையின் துணிகளுக்கு. நான் ஒரு வாரமாக ஒத்திகை பார்த்த சொற்களைத் தொண்டையில் வைத்துக்கொண்டு காபி கொடுத்தேன். மாலை ஐந்து மணி ஆனது. மகள் போய் டிவி முன்னால் உட்கார்ந்து எங்களைப் பார்த்தாள்.

"இன்னுமா படம் காட்டறீங்க?" என்றார் நாத்தனார். "நாஞ் சொன்னது காதுலயே ஏறல, இல்ல?"

"ஏறுச்சு அண்ணி. ஒக்காந்து பாருங்க. இருவது நிமிசம்தான்."

உட்கார்ந்தார். மகள் முதல் தடவை இழுத்தபோது முகத்தைச் சுளித்தார். இரண்டாம் தடவை, "இப்பிடி நிறுத்தி நிறுத்திப் பாத்தா கதை எங்க போவும்?" என்றார். கணவர் இலை இல்லாததால் ரிமோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாத்து வருவதற்கு முந்தைய பகுதி அது. கரடி சாயங்காலம் சமைக்கிறது. மேசையில் இரண்டு கிண்ணம் வைக்கிறது. ஒன்றில் சாப்பிடுகிறது. சாப்பிட்டு முடித்து இரண்டையும் கழுவுகிறது. நாங்கள் பத்துத் தடவை பார்த்த இடம். நான் நாத்தனாரிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். படம் நின்றது.

ரிப்பனை இழுத்தது மகள் இல்லை. நாத்தனாரின் கை ரிப்பனில் இருந்தது.

நாங்கள் கேட்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள். சட்டம் சட்டம்தான். அத்தையின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"என்ன பாத்தீங்க?"

மகள் காத்திருந்தாள். நாங்கள் பத்து எண்ணுவோமே, அதைவிட நேரம் காத்திருந்தாள்.

"ரெண்டு வெக்குது கண்ணு" என்றார் கடைசியில். "அந்தக் கரடி. ரெண்டு வெக்குது. ஒண்ணுலதான் சாப்புடுது."

"யாரும் வர்ல" என்றாள் மகள்.

"ஆமா. யாரும் வர்ல." பிறகு பிள்ளைக்குச் சொல்வது போலவே சொன்னார், "உங்க மாமா போனதுக்கப்பறம் நானும் அப்பிடித்தான் வெச்சிடறேன். கை மறந்துடுது. பசங்க ரெண்டும் வேலைன்னு போயாச்சி. டிவிய போட்டுக்குவேன். யாரோ பேசிட்டே இருக்கட்டும்னு."

என்னை எதிர்க்க வந்தவர் என்று நினைத்து ஒரு வாரம் வாளைத் தீட்டியிருக்கிறேன். என் தொண்டையில் இருந்தது எல்லாம் கரைந்துபோனது. ஆனால் ஒன்று கரையவில்லை. பாவம் என்பதற்காகப் பிள்ளையைத் தூக்கிக் கொடுக்க முடியாது. அவருடைய தனிமைக்கு என் மகள் துணையாகலாம், தீர்வாக முடியாது. நேராகவே சொன்னேன்.

"அண்ணி, புள்ளைய அனுப்ப மாட்டேன். இன்னும் ஒழுங்கா பேச வர்ல, ஒத்துக்கறேன். நாங்க கெடுத்தோம், நாங்கதான் சரி பண்ணுவோம். கம்பெனிக்கும் போவேன், படமும் காட்டுவேன், கூடவே ஒக்காருவேன்."

அவர் என் பக்கம் திரும்பவில்லை. தம்பியைப் பார்த்தார்.

"அவ சொல்றதுதான் அக்கா" என்றார் என் கணவர். கல்யாணமாகி ஆறு வருடத்தில் அக்காவின் முகத்தைப் பார்த்து அவர் சொன்ன முதல் சொல் அது.

நாத்தனார் விடவில்லை. அவரும் லேசுப்பட்டவர் இல்லை. மகளைப் பிடித்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். "அவங்கள வுடு. நீ சொல்லு கண்ணு. அத்தை கூட வந்துடறியா? அத்தை வூட்ல இத வுடப் பெரிய டிவி இருக்குது."

மகள் அந்தக் காலிப் பையைப் பார்த்தாள். ஜன்னல் கம்பியைப் பார்த்தாள்.

"பேடா" என்றாள்.

நாத்தனாரின் முகம் சுருங்குவதற்குள் ரிப்பனைப் பிடித்து அவர் கையில் வைத்தாள்.

"நீங்க வாங்க. அங்க இது இல்ல."

அதுவரை அவள் சேர்ந்தாற்போல் அத்தனை சொற்கள் பேசியதில்லை. நாத்தனார் ரிப்பனை விரலில் ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு இழுத்தார். கணவர் பட்டனை அமுக்க, கரடி இரண்டு கிண்ணத்தையும் அடுக்கில் கவிழ்த்து வைத்துவிட்டு விளக்கை அணைத்தது.